கிளைக் கல்லாவிலிருந்து தலைமைக் கணக்குக்கு: ஒரு பில்லும் தொலையாமல், ஒரு பில்லும் இரட்டிக்காமல்

காலை ஒன்பது மணி. தலைமை அலுவலகக் கணக்காளர் நான்காம் கிளை மேலாளரை அழைக்கிறார். "நேற்று உங்கள் இரண்டாம் கவுண்டரில் விற்பனை 1,17,254 ரூபாய்தானே?" அவர் மறுக்கிறார். "இல்லை சார், 1,18,640. நாள் முடிவுச் சீட்டு என் கையில் இருக்கிறது." இடையில் 1,386 ரூபாய். பணம் கல்லாவில் இருக்கிறது, பொருள் வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய்விட்டது. தலைமை அலுவலகத்தின் மையக் கணக்கு மென்பொருளான ஈஆர்பியில் மட்டும் அந்த விற்பனை நடக்கவில்லை.

பல கிளை கொண்ட கடைகளுக்கு மென்பொருள் அமைத்துக் கொடுக்கும் வேலையில் இத்தகைய அழைப்பை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதையும் அந்த 1,386 ரூபாயைச் சுற்றியே எழுதுகிறேன். ஆறு கிளைகள், கிளைக்கு மூன்று கவுண்டர்கள், மையத்தில் ஈஆர்பிநெக்ஸ்ட் என்ற திறந்தமூல ஈஆர்பி உள்ள ஒரு மளிகைக் கடையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். வேறு ஈஆர்பி என்றாலும் திரைகளின் பெயர்கள்தான் மாறும்.

எல்லாப் படிகளுக்கும் அடியில் ஒரே கொள்கை இருக்கிறது. பில் என்பது நடந்து முடிந்த செயல். வாடிக்கையாளர் பணம் கொடுத்துப் பொருளை வாங்கிச் சென்றுவிட்டார். அந்தப் பில்லை ஏற்கவா, மறுக்கவா என்று முடிவு செய்யும் உரிமை மையத்துக்கு இல்லை. அதன் வேலை வாங்கி வைப்பதும், எண்ணிப் பார்ப்பதும், பிறகு கணக்கில் ஏற்றுவதும்தான்.

படி 1: பில் எண் கவுண்டரிலேயே பிறக்க வேண்டும்

இணையம் அறுந்தாலும் கவுண்டர் பில் போட வேண்டும். மையத்தைக் கேட்டு எண் வாங்கும் முறை இதனாலேயே ஆகாது. ஒவ்வொரு கவுண்டருக்கும் தனி வரிசை கொடுங்கள். நான் பயன்படுத்தும் வடிவம் `B4T2/26-071187`. நான்காம் கிளை, இரண்டாம் கவுண்டர், 2026 மார்ச்சில் முடியும் நிதியாண்டு, அதன் பின் ஆறு இலக்க வரிசை எண்.

ஜிஎஸ்டி விதி 46-இன்படி வரி ரசீதின் எண் 16 எழுத்துகளைத் தாண்டக்கூடாது. சாய்கோடும் இணைப்புக்கோடும் அந்தக் கணக்கில் சேரும். எண்கள் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், ஒரு நிதியாண்டுக்குள் மீண்டும் வரக்கூடாது. மேலே உள்ளது 14 எழுத்து. கிளைப் பெயரை முழுதாகச் சேர்க்க ஆசைப்பட்டால் எல்லை சீக்கிரமே தாண்டிவிடும்.

ரத்து செய்த பில்லின் எண்ணை அழிக்காதீர்கள். ரத்து என்ற குறியுடன் அதுவும் மையத்துக்குப் போக வேண்டும். விற்பனை விவரங்களைத் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தின் 13-ஆம் அட்டவணையில் முதல் எண், கடைசி எண், மொத்தம், ரத்தானவை எத்தனை என்று கேட்பார்கள். அதைவிட முக்கியமானது, தொடர்ச்சி இருந்தால்தான் எது காணாமல் போனது என்று கண்டுபிடிக்க முடியும்.

படி 2: பில்லும் அனுப்பும் வரிசையும் ஒன்றாகப் பதிய வேண்டும்

பலர் செய்யும் பிழை இதுதான்: கவுண்டர் மென்பொருள் பில்லைச் சேமிக்கிறது, உடனே மையத்துக்கு அனுப்பிப் பார்க்கிறது, அனுப்ப முடியாவிட்டால் வரிசையில் சேர்க்கிறது. சேமித்ததற்கும் வரிசையில் சேர்ப்பதற்கும் நடுவில் மின்சாரம் போனால் அந்தப் பில் கவுண்டரில் இருக்கும், வரிசையில் இருக்காது. யாரும் அதை அனுப்பவே மாட்டார்கள்.

பில்லைச் சேமிக்கும் அதே தரவுத்தளப் பரிவர்த்தனைக்குள் அனுப்பும் வரிசையிலும் ஒரு வரி எழுதிவிடுங்கள். இரண்டும் சேர்ந்தே பதியும், இல்லையேல் இரண்டும் பதியாது. பின்னணியில் ஓடும் சிறு நிரல் ஒன்று அந்த வரிசையை எடுத்து அனுப்பட்டும். மையத்திலிருந்து "பெற்றேன்" என்ற பதில் வந்த பிறகே அந்த வரியை முடிந்ததாகக் குறிக்க வேண்டும்.

இந்த முறையில் ஒரே பில் இரண்டு முறை போவதைத் தவிர்க்க இயலாது. மையம் பெற்றுக்கொண்டு, பதில் வரும் வழியில் இணைப்பு அறுந்தால் கவுண்டர் மறுபடி அனுப்பத்தான் செய்யும். அனுப்பட்டும். இரட்டிப்பைத் தடுப்பது பெறுபவரின் வேலை.

படி 3: மையத்தில் ஒரு வரவுப் பட்டியல்

கவுண்டரிலிருந்து நேராக ஈஆர்பிக்குள் எழுதாதீர்கள். நடுவே வரவுப் பட்டியல் ஒன்று வேண்டும். பில் வந்தபடியே, எந்தச் சரிபார்ப்பும் இல்லாமல் அங்கே விழட்டும்.

```sql
INSERT INTO till_bill (bill_no, biz_date, body, body_hash)
VALUES ($1, $2, $3, $4)
ON CONFLICT (bill_no) DO NOTHING;
```

இரண்டாம் முறை வரும் பில்லை இந்தக் கட்டளை ஓசையில்லாமல் விட்டுவிடும். ஆனால் இதில் ஓர் ஆபத்து மறைந்திருக்கிறது. ஒரு கிளையில் கவுண்டர் கணினியின் வட்டு பழுதானது. பராமரிப்பாளர் மூன்று நாள் பழைய காப்பு நகலைப் போட்டுக் கடையைத் திறந்துவிட்டார். பில் எண் மூன்று நாள் பின்னால் போய், பழைய எண்களிலேயே புதிய பில்கள் வந்தன. மையம் அவற்றை ஏற்கனவே வந்தவை என்று எண்ணி ஒதுக்கியது. மூன்று நாள் விற்பனை அப்படியே விழுங்கப்பட்டது.

பில்லின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட சுருக்கக் குறியீட்டை வைக்கும் `body_hash` என்ற புலம் இதற்காகத்தான். எண் ஒன்றாக இருந்து உள்ளடக்கம் வேறாக இருந்தால் அது மறுஅனுப்பல் அல்ல, எண் மோதல். உடனே எச்சரிக்கை வர வேண்டும். காப்பு நகலைப் போட்ட கவுண்டரைப் பழைய குறியீட்டில் திறக்கவே கூடாது. `T2` இறந்துவிட்டது, இனி அது `T5` என்று புதிய வரிசை தொடங்குங்கள். மையத்திடம் கடைசி எண்ணைக் கேட்டு அதிலிருந்து தொடரலாமே என்று தோன்றும். ஆனால் பழுதான வட்டில் அனுப்பப்படாத பில்கள் இருந்திருக்கலாம். அவற்றின் தாள் வாடிக்கையாளர் கையில் இருக்கிறது. அந்த எண்களை மறுபடி பயன்படுத்தினால் ஒரே எண்ணில் இரண்டு வரி ரசீதுகள் ஊரில் உலவும்.

படி 4: நாள் முடிவுச் சீட்டு

தரவு வந்துவிட்டது என்பதற்கு அனுப்பும் நிரலின் பச்சை விளக்கு சான்று அல்ல. இரு முனைகளிலும் தனித்தனியே எண்ணிய எண்கள் ஒத்துப்போவதே சான்று. இரவு கவுண்டரை மூடும்போது காசாளர் ஒரு சீட்டை உருவாக்குகிறார். அதுவும் பில்களைப் போலவே மையத்துக்குப் போகிறது.

நான்காம் கிளையின் இரண்டாம் கவுண்டரில் 2026 ஜனவரி 9 அன்று வந்த சீட்டு இது. முதல் எண் 071187, கடைசி எண் 071436. ஆக 250 எண்கள், ரத்து 3, செல்லுபடியானவை 247. மொத்தம் 1,18,640 ரூபாய். அதில் ரொக்கம் 46,210, யுபிஐ 61,850, அட்டை 10,580.

ரொக்கத்தைக் காசாளர் தனியே எண்ணி எழுத வேண்டும். கணினி காட்டும் தொகையைப் பார்க்காமல் எண்ணும்படி திரையை அமையுங்கள், பார்த்துவிட்டால் எண்ணிக்கை தானாகவே ஒத்துப்போகும். காலையில் சில்லறைக்காக வைத்தது 3,000 ரூபாய். ஆட்டோ வாடகைக்கும் டீக்கும் கல்லாவிலிருந்து எடுத்தது 400. ஆக இருக்க வேண்டியது 48,810, எண்ணியது 48,760. அந்த 50 ரூபாய் 'கல்லா குறை மிகை' என்ற கணக்கில் ஏறும். விற்பனைத் தொகையைக் குறைத்து இதைச் சரிக்கட்டக் கூடாது.

யுபிஐ, அட்டைத் தொகைகளை அன்றே வங்கிக் கணக்கில் ஏற்றாதீர்கள். 'யுபிஐ வர வேண்டியது', 'அட்டை வர வேண்டியது' என்ற இடைக்கணக்குகளில் நிறுத்துங்கள். அட்டைத் தொகை கட்டணம் கழித்துப் பிறகுதான் வரும். வங்கி வரவு வந்ததும் அந்த இடைக்கணக்கைத் தீர்க்கலாம். தீராமல் நிற்கும் மிச்சம், வாடிக்கையாளரின் கைப்பேசியில் வெற்றி என்று காட்டியும் நமக்கு வராத பணத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுவரும்.

இப்போது அந்த 1,386 ரூபாய்க்கு வருவோம். மையத்தின் வரவுப் பட்டியலில் அந்தக் கவுண்டருக்கு 247 வரிகள் இருந்தன, ரத்தான மூன்றையும் சேர்த்து. சீட்டு 250 என்கிறது. எண் தொடர்ச்சியில் இடைவெளி தேடினால் மூன்று எண்கள் கிடைக்கின்றன: 071391, 071402, 071420. கவுண்டரில் அவற்றின் தொகை 412, 536, 438. கூட்டினால் சரியாக 1,386.

மூன்று பில்களையும் திறந்து பார்த்தால் பொதுவான பொருள் ஒன்று தெரிகிறது: நாட்டுச் சர்க்கரை அரைக் கிலோ. அன்று மாலைதான் கிளைக்கு வந்தது. மேலாளர் அவசரத்துக்குக் கவுண்டரிலேயே குறியீடு உருவாக்கி விற்கத் தொடங்கிவிட்டார். மையத்தில் அந்தக் குறியீடு இல்லை. அங்கே முந்தைய நிரலாளர், தெரியாத பொருள் இருந்தால் பில்லையே திருப்பி அனுப்பும்படி எழுதியிருந்தார். திரும்பிய பில் வரிசையின் கடைசிக்குப் போய், மறுபடி போய், மறுபடி திரும்பியது. மற்றப் பில்கள் தடையின்றிப் போனதால் விளக்கு பச்சையாகவே இருந்தது.

சரியான நடத்தை இது: பில்லை வாங்கிக்கொள்ள வேண்டும், 'தெரியாத பொருள்' என்று குறிக்க வேண்டும், அந்தக் கிளையின் அன்றைய விற்பனையை மட்டும் ஈஆர்பியில் ஏற்றாமல் நிறுத்தி வைக்க வேண்டும். யாராவது அந்தக் குறியீட்டை முறையான பொருளோடு இணைத்ததும் தடை நீங்கும். கவுண்டரில் புதுப் பொருள் உருவாக்கும் வசதியை மூடுவதும் தேவைதான். ஆனால் அதை மட்டும் செய்து நிறுத்தினால் அடுத்த முறை வேறொரு காரணத்துக்காகப் பில் திரும்பும்.

படி 5: ஈஆர்பியில் ஏற்றுதல்

பில் பில்லாக ஏற்றலாமா, நாளுக்கு ஒன்றாகத் தொகுக்கலாமா? 18 கவுண்டர்கள், தலைக்கு 250 பில்கள், பில்லுக்கு ஏழு பொருள்கள் என்றால் நாளுக்கு 31,500 சரக்கு வரிகள். கிளைக்கு 1,200 விதப் பொருள் விற்றதாக வைத்துத் தொகுத்தால் 7,200 வரிகள்தான். சில்லறை வாடிக்கையாளர் பில்களைக் கிளைக்கு நாளுக்கு ஒரு விற்பனைப் பதிவாகத் தொகுப்பதே என் பரிந்துரை. தனித்தனிப் பில்கள் வரவுப் பட்டியலில் என்றும் இருக்கும்.

விதிவிலக்கு ஒன்று. ஜிஎஸ்டி எண் கொடுத்து வாங்கிய வணிகரின் பில் தனியாகவே, அதே எண்ணில் ஏற வேண்டும். ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் அதை ரசீது வாரியாகக் காட்ட வேண்டும், அப்போதுதான் அவர் உள்ளீட்டு வரியைப் பெற முடியும்.

தொகுத்த பதிவின் தலைப்பகுதி இப்படி இருக்கும்:

```json
{
  "doctype": "Sales Invoice",
  "set_posting_time": 1,
  "posting_date": "2026-01-09",
  "posting_time": "23:30:00",
  "update_stock": 1,
  "custom_batch_id": "B4-2026-01-09"
}
```

`set_posting_time` புலத்தை விட்டுவிட்டால் ஈஆர்பிநெக்ஸ்ட் நாம் கொடுத்த தேதியைப் புறக்கணித்து, பதிவு ஏறிய நேரத்தையே போட்டுவிடும். அதிகாலை இரண்டு மணிக்கு ஏற்றினால் ஒன்பதாம் தேதி விற்பனை பத்தாம் தேதிக்குப் போகும். பிழைச் செய்தி எதுவும் வராது. மாதக் கடைசி நாளில்தான் வரிக் கணக்கு இடிக்கும்போது தெரியும். `custom_batch_id` நாம் சேர்த்த புலம். அதைத் தனித்துவமானது என்று அமைத்தால் ஒரே நாளை இரு முறை ஏற்ற முடியாது.

வரித் தொகையை ஈஆர்பி மறுபடி கணக்கிட விடாதீர்கள். மளிகையில் விலை வரி உட்பட இருக்கும். 5 சதவீதப் பொருள் என்றால் வரி விலையில் 105-இல் 5 பங்கு. கவுண்டர் அதைப் பொருள் பொருளாகப் பைசாவுக்கு முழுமைப்படுத்தியிருக்கும். ஈஆர்பி மொத்தத்தின் மீது ஒரே தடவையில் கணக்கிட்டால் சில ரூபாய் வேறுபடும். வாடிக்கையாளர் கையிலுள்ள தாளில் அச்சான வரியே சட்டப்படியான வரி. வரி வரிசையில் `charge_type` என்பதற்கு `Actual` கொடுத்து, கவுண்டர் சொன்ன தொகையை அப்படியே ஏற்றுங்கள். பில்களை முழு ரூபாய்க்கு மாற்றியதால் வந்த பைசாக்களுக்கும் ஒரு தனிப் பதிவு வேண்டும்.

தொகுத்த பதிவுக்கு ஈஆர்பி தரும் எண் வரி ரசீது எண் அல்ல. அதற்குத் தனி முன்னெழுத்து வைத்து, 13-ஆம் அட்டவணையை வரவுப் பட்டியலின் பில் எண்களிலிருந்தே நிரப்புங்கள்.

ஏற்றும் வரிசையும் பார்க்க வேண்டியது. முதலில் அன்று கிளைக்குப் போன சரக்கு மாற்றங்கள், அடுத்து மூட்டையைப் பிரித்துப் பொட்டலம் கட்டிய பதிவுகள், கடைசியில் விற்பனை. பழைய தேதியில் ஒரு பதிவு பின்னால் நுழைந்தால், அதற்குப் பிந்தைய பதிவுகளின் சரக்கு மதிப்பையெல்லாம் ஈஆர்பிநெக்ஸ்ட் மறுபடி கணக்கிடும். `Repost Item Valuation` பட்டியல் நாள்தோறும் நீண்டுகொண்டே போனால், ஏதோ ஒரு கிளை தாமதமாக வருகிறது என்று பொருள்.

படி 6: விலையும் வரியும் கீழே இறங்கும்போது

2025 செப்டம்பர் 22 அன்று ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. குளியல் சோப்பு, பற்பசை, தலைக்கு எண்ணெய் போன்றவை 18-இலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கின. நள்ளிரவில் மையத்திலிருந்து மாற்றத்தைத் தள்ளினால், இணைப்பு இல்லாத கவுண்டர் மறுநாள் பழைய வரியிலேயே விற்கும். புதிய விகிதம், அது நடைமுறைக்கு வரும் தேதியோடு, சில நாள் முன்பே கவுண்டரில் உறங்கிக்கொண்டிருக்க வேண்டும். ஒவ்வொரு பில்லிலும் எந்த விலைப் பட்டியல் பதிப்பு பயன்பட்டது என்ற எண்ணும் மையத்துக்கு வரட்டும். பின்தங்கிய கவுண்டர் முதல் பில்லிலேயே பிடிபடும்.

பொருளைத் திருப்பித் தந்தால் மூலப் பில்லின் வரியிலேயே திருப்ப வேண்டும். 18 சதவீதத்தில் விற்றதை 5 சதவீதத்தில் திருப்பக் கூடாது. ஆகவே திருப்பும் திரை மூலப் பில் எண்ணைக் கேட்டே ஆக வேண்டும்.

படி 7: இருப்பு

விற்பனை எண்கள் ஒத்துப்போன பிறகும் இருப்பு ஒத்துப்போகாது. மளிகையில் இதற்கு முதல் காரணம் திருட்டு அல்ல, மூட்டைதான். சரக்கு மூட்டையாக வருகிறது, பொட்டலமாக விற்கிறது. நடுவில் நடந்ததை யாரும் எழுதுவதில்லை.

நான்காம் கிளையில் 50 கிலோ துவரம் பருப்பு மூட்டை ஒன்றைப் பிரித்தார்கள். ஒரு கிலோ பொட்டலம் 30, அரைக் கிலோ பொட்டலம் 38, தூசியும் உடைசலுமாக ஒரு கிலோ போயிற்று. இதை `Stock Entry` திரையில் `Repack` வகையாகப் பதிய வேண்டும். மூட்டை விலை 5,000 ரூபாய் என்றால் அடக்கம் 49 கிலோவுக்குப் பரவி, கிலோ 102.04 ரூபாய் ஆகும். பதியாவிட்டால் கணக்கில் மூட்டை அப்படியே இருக்கும், பொட்டலம் எதிர்மறைக்குப் போகும். இரண்டும் ஒரே கிளையில் ஒரே பொருளுக்குச் சேர்ந்து தெரிந்தால் திருடனைத் தேட வேண்டாம், பொட்டலம் கட்டும் பெண்களிடம் ஒரு குறிப்பேடு கொடுங்கள். மூட்டைக்கும் பொட்டலத்துக்கும் குறியீடு வேறாக இருப்பது வரிக்காகவும் அவசியம். 2022 ஜூலை 18 முதல், சில்லறையாக அளந்து விற்கும் பருப்புக்கு வரி இல்லை, முன்கூட்டியே கட்டி லேபிள் ஒட்டிய பொட்டலத்துக்கு 5 சதவீதம்.

`Stock Settings` திரையில் `Allow Negative Stock` பற்றி எப்போதும் வாதம் எழும். அதை மூடி வைத்தால், பருப்புப் பொட்டலம் நான்கு குறைகிறது என்பதற்காகக் கிளையின் முழு நாள் பதிவும் ஏறாமல் நிற்கும். விற்றது விற்றதுதான், ஆகவே திறந்து வைக்கச் சொல்கிறேன். அதற்கு ஈடாக, தினமும் காலையில் எதிர்மறைப் பொருள்களின் பட்டியல் கிளை மேலாளரின் கைக்கு வர வேண்டும். எதிர்மறையில் நிற்கும் பொருளின் அடக்க விலையை, அதனால் அதன் லாபத்தையும், அது நேராகும்வரை நம்பாதீர்கள்.

கடை முழுவதையும் ஆண்டுக்கு ஒருமுறை எண்ணுவதைவிட, தினமும் இருபது பொருள்களை எண்ணுவது நல்லது. எதிர்மறையானவற்றில் தொடங்குங்கள். எண்ணும் நேரம் கடை திறக்கும் முன், அதுவும் முந்தைய நாள் ஈஆர்பியில் ஏறிய பிறகு. மாலை நான்கு மணிக்கு அலமாரியை எண்ணி, விற்பனை ஏறாத ஈஆர்பி இருப்போடு ஒப்பிட்டால் அன்று விற்றதெல்லாம் குறைவாகவே தெரியும். அதைத் `Stock Reconciliation` போட்டுச் சரிசெய்தால், இரவு விற்பனை ஏறும்போது அதே சரக்கு இரண்டாம் முறை கழியும். நான்காம் கிளையில் நாட்டுச் சர்க்கரையைப் பத்தாம் தேதி காலையில் எண்ணப் போனார்கள். அந்த மூன்று பில்கள் ஏறும்வரை காத்திருந்து, குறியீட்டை இணைத்து, ஒன்பதாம் தேதியை ஏற்றிய பிறகே மேலாளர் அலமாரிக்குப் போனார்.